வெளிச்சம் குறைந்த சின்ன அறைக்கு அடர்நிறச் சுவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குப் பெயின்ட் வேலை எடுத்துச் செய்கிறேன். அகலமான தாழ்வாரமும் சின்னச் சின்ன உள்ளறைகளும் கொண்ட ஓட்டு வீடுகள் இங்கே இன்னும் நிறைய உண்டு. அந்த அறைகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளே கீழே உள்ளவை. பெரிய சன்னல் வைத்த புதுக் கான்கிரீட் வீட்டுக்கு இவற்றில் பாதி பொருந்தாது.

சின்ன அறைக்கு அடர்நிறம் அடித்தால் குகை மாதிரி ஆகிவிடாதா? வெளிர்நிறம்தானே அறையைப் பெரிதாகக் காட்டும்?

வெளிச்சம் இருந்தால் காட்டும். வெள்ளைச் சுவர் தானாக ஒளி தருவதில்லை. தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். ஆறடித் தாழ்வாரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சன்னலின் வழியே வந்து விழுவதே கொஞ்சம் என்றால் திருப்பி அனுப்ப அதனிடம் ஒன்றும் இல்லை. அத்தோடு நம் கண் அறைக்குள் மிகப் பிரகாசமான பொருளுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. பகலில் அந்தப் பொருள் சன்னல். அதன் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சுவர் கண்ணுக்கு வெள்ளையாகப் படாது. நீலம் போடாமல் துவைத்த வேட்டி போல மங்கலாகத்தான் படும். இங்கே பல வீடுகளில் "போன வருடம்தான் அடித்தோம், அதற்குள் அழுக்காகிவிட்டது" என்று சொல்வார்கள். சுவரைத் துடைத்துப் பார்த்தால் அழுக்கே இருக்காது.

அறையின் அளவைக் கண் எப்படி அறிகிறது என்பது இரண்டாவது விஷயம். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒன்று கொஞ்சம் வெளிச்சமாகவும் மற்றது கொஞ்சம் நிழலாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சுவர் எங்கே முடிகிறது என்று கணிக்கிறோம். வெளிர்நிறச் சுவரில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மங்கலான வெளிச்சத்தில் நான்கு மூலைகளும் சாம்பல் கோடுகளாக நின்று அறையின் சிறுமையை வரைந்து காட்டும். அடர்நிறத்தில் இரு பக்கமும் ஒளியை விழுங்கிவிடுவதால் மூலை கரைந்துபோகிறது. அறை பெரிதாகிறது என்று சொல்ல மாட்டேன். அதன் எல்லை சட்டென்று பிடிபடாமல் போகிறது. விளக்கு ஏற்றிய மாலை நேரத்தில் இந்த வேலை நன்றாக நடக்கும். பகலில் அவ்வளவு இல்லை.

என் அறை அதற்கு ஏற்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நடுப்பகலில் விளக்கை அணைத்துவிட்டு, அந்த அறையில் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். அங்கிருந்து சன்னல் வழியே வானம் ஒரு துண்டாவது தெரிகிறதா? தாழ்வாரத்தின் ஓட்டு அடிப்பக்கமும் எதிர்வீட்டுச் சுவரும் மட்டும் தெரிந்தால் அந்த இடத்துக்கு வான ஒளி நேராக வருவதில்லை. வருவதெல்லாம் எதிலோ பட்டுத் திரும்பிய மிச்சம். அதே இடத்தில் ஒரு செய்தித்தாளைப் பிரித்து உள்பக்கச் செய்தியைப் படித்துப் பாருங்கள். சிரமப்பட்டால் அந்த அறைக்கு வெளிர்நிறம் பெரிய உதவி செய்யாது.

அடுத்து, அந்த அறையை எந்த நேரத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் விளக்குப் போட்டுப் பயன்படுத்தும் படுக்கையறை, படிக்கும் அறை, டிவி அறை ஆகியவற்றில் அடர்நிறம் வெளிர்நிறத்தைவிட நன்றாக அமையும். பகலில் விளக்கில்லாமல் தையல் மிஷின் ஓட்டுகிற, காய் நறுக்குகிற, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிற அறையாக இருந்தால் வேண்டாம். கண் பார்வை மங்கிய பெரியவர்கள் இரவில் எழுந்து நடமாடும் அறைக்கும் நான் சம்மதிப்பதில்லை. சுவர், கதவு, கட்டில் எல்லாம் ஒரே இருட்டாக இருந்தால் விளிம்பு பிடிபடாது.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன். பழைய வீடுகளில் ஓர் அறை இன்னோர் அறைக்கு வெளிச்சம் கடன் கொடுக்கும். முன்னறை சன்னலில் விழும் ஒளிதான் நடுக்கதவு வழியே உள்ளறைக்குப் போய்ச் சேருகிறது. முன்னறையை அடர்நிறமாக்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் அறைதான் இருண்டுபோகும். கடன் கொடுக்கும் அறையைத் தொடாதீர்கள், கடன் வாங்கும் கடைசி அறையை மாற்றுங்கள்.

நீங்கள் செய்த ஓர் அறையை முதலிலிருந்து விளக்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறை அருகே ஓர் ஓட்டு வீட்டின் வடக்குப் பக்க அறை. நீளம் 10 அடி, அகலம் 9 அடி, சுவர் உயரம் 9 அடி. மூன்றடிக்கு நான்கடி அளவில் ஒரே சன்னல். அதற்கு வெளியே தாழ்வாரம். சிவப்புக் காவித் தரை. மேலே வயதேறிக் கறுத்த மரப்பலகை மச்சு. சுவருக்குக் கிரீம் நிறம் அடித்திருந்தார்கள், உச்சியில் ஒரு வெள்ளை டியூப்லைட். பகலில் யாரும் இருப்பதில்லை. இரவில் கணவன் மனைவி இருவரும் படிப்பதும் தூங்குவதும் அங்கேதான்.

அந்தக் கிரீம் சுவரின் கீழ்ப்பாதி இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. காவித் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி சிவப்பாக இருப்பதால் வெளிர்நிறச் சுவர் அதை அப்படியே வாங்கிக் காட்டும். எந்த வெள்ளை அடித்தாலும் இது போகாது. அடர்பச்சை அந்தச் சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் முதலில் அதைத்தான் யோசித்தேன்.

எவ்வளவு வெளிச்சம் இழப்போம் என்று கணக்குப் பார்த்தோம். ஒவ்வொரு நிறத்துக்கும் தன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று ஓர் எண் உண்டு. பெயின்ட் கம்பெனிகளின் ஷேட் விவரங்களில் எல்.ஆர்.வி. என்று போட்டிருப்பது அதுதான். அந்தக் கிரீம் நிறத்துக்குச் சுமார் 75, நாங்கள் பார்த்த பச்சைக்கு 8. அப்படியானால் அறை பத்தில் ஒரு பங்காக இருண்டுவிடும் என்று அந்த வீட்டு அம்மாள் பயந்தார். அப்படி ஆகாது. விளக்கிலிருந்து நேராக வரும் ஒளி சுவர் எந்த நிறமானாலும் குறையாது. சுவர்களுக்கிடையே பட்டுப் பட்டுத் திரும்பும் ஒளிதான் குறையும். கறுத்த மச்சும் காவித் தரையும் ஏற்கெனவே நிறைய விழுங்கிக்கொண்டிருந்தன. எல்லாப் பரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே விளக்கில் அறையின் மொத்த வெளிச்சம் முன்பு இருந்ததில் ஏறக்குறைய பாதியளவு வரும். அதை விளக்கு வைக்கும் இடத்தை மாற்றிச் சமாளிக்கலாம்.

சுவரில் மூன்று சிக்கல்கள் இருந்தன. பழைய சுண்ணாம்பின் மேல் பெயின்ட் அடித்திருந்ததால் சில இடங்களில் கையால் தேய்த்தால் மாவு ஒட்டியது. அந்த இடங்களை உறுதியான பூச்சு தெரியும் வரை சுரண்டி எடுத்தோம். கீழே ஓரடி உயரத்துக்கு ஈரம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் முழுக்க விட்டதில் உள்பக்கம் நீர் பூக்கவில்லை. மூன்றாவது விரிசல். சித்தூர் தாலுகாவில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், கூடவே சுவரும் அசையும். வெள்ளைச் சுவரில் மயிரிழை விரிசல் கண்ணில் படாது. அடர்நிறச் சுவரில் விரிசல் திறந்தால் அடியில் இருக்கும் வெள்ளைப் பட்டி ஒரு வெள்ளைக் கோடாக எட்டிப் பார்க்கும். அதனால் விரிசலை 'வி' வடிவில் கீறி, காய்ந்தபின்னும் இழுபடும் தன்மையுள்ள அக்ரிலிக் விரிசல் நிரப்பியால் அடைத்தோம். வெறும் பட்டி வைத்தால் அடுத்த கோடையில் திரும்ப வாய் திறக்கும்.

பெயின்ட் கணக்கு எளிது. நான்கு சுவரின் நீளம் 38 அடி, உயரம் 9 அடி. 342 சதுர அடி. கதவையும் சன்னலையும் கழித்தால் சுமார் 310. பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் சுமார் 130 சதுர அடி வரும் என்று வைத்தால் இரண்டரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போதும். ஆனால் அடர்நிறத்துக்கு மூன்றாவது கோட் இல்லாமல் முடியாது. அதையும் சேர்த்து நான்கு லிட்டர் வாங்கினோம். சாம்பல் சாயம் கலந்த பிரைமர் ஒரு கோட், அதன்மேல் பளபளப்பில்லாத, கழுவக்கூடிய எமல்ஷன் மூன்று கோட். கதவு நிலையையும் அடிச்சுவர் பட்டையையும் அதே பச்சையில் முடித்தோம். அங்கே வெள்ளைக் கோடு விட்டால் கரைந்த எல்லையை நாமே திரும்ப வரைந்துவிடுவோம். வெள்ளை சுவிட்ச் பெட்டியை மாற்றிப் பழுப்பு நிறத்தில் போட்டோம்.

ஓரிடத்தை மட்டும் கிரீம் நிறத்திலேயே விட்டோம்: சன்னலின் உள்பக்கக் கன்னங்களை. பழைய சுவர் ஓரடிக்கு மேல் தடிமன். வெளிச்சமான சன்னலுக்குப் பக்கத்தில் நேராகக் கறுத்த சுவர் வந்தால் பகலில் கண் கூசும். அந்தக் கன்னங்கள் வெளிராக இருந்தால் பிரகாசத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு படி கிடைக்கும்.

விளக்குகளை எப்படி வைத்தீர்கள்?

உச்சி டியூப்லைட்டை, அறையைத் துடைக்கும் வேலைக்கும் பொருள் தேடுவதற்கும் மட்டும் என்று ஒதுக்கினோம். அடர்நிற அறையில் மேலே இருக்கும் ஒற்றை விளக்கு சுவரின் மேல்பகுதிக்கு ஒளியைத் தீனி போட்டுவிட்டு, முகத்தில் நிழலை இறக்கும்.

கட்டிலின் இரு பக்கமும் படிக்கும் விளக்கு, புத்தகத்துக்கு ஒன்றரை இரண்டடி மேலே. அந்த ஒளி நேராகத் தாளில் விழுவதால் சுவர் எந்த நிறமானாலும் படிக்கச் சிரமமில்லை. எதிர் மூலையில் தரையோரம் துணி நிழற்குடை போட்ட ஒரு விளக்கு. அது சுவரின் ஒரு பகுதியை மட்டும் மெதுவாக வெளிச்சமாக்கும். மூன்றிலும் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் எல்.இ.டி. நம் கடைகளில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் 6500 கெல்வின் கூல் டேலைட் பல்பு இந்தப் பச்சையைப் பாசி நிறமாக்கும், மனிதத் தோலையும் வெளுக்க வைக்கும். அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. எண் 90 போட்டதைத் தேடி வாங்கினால் நிறங்கள் இன்னும் சரியாகத் தெரியும்.

கரண்ட் போனால்?

இன்வெர்ட்டர் இணைப்பு இந்த அறையில் படிக்கும் விளக்கு ஒன்றுக்கு வரட்டும், உச்சி விளக்குக்கு வேண்டாம்.

கடையில் பார்த்த நிறம் சுவரில் வேறாகத் தெரிகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

விரலளவு ஷேட் கார்டை வெள்ளைச் சுவரில் வைத்துப் பார்த்தால் எந்த அடர்நிறமும் கறுப்பாகத்தான் தோன்றும். சுற்றியுள்ள வெள்ளை அதை அழுத்திக் காட்டுகிறது. கடைக்காரரின் டியூப்லைட் வேறு. மிகச் சின்ன டப்பா ஒன்று கலக்கச் சொல்லி, இரண்டடிக்கு மூன்றடி அட்டையில் ஓரம் மிச்சமில்லாமல் இரண்டு கோட் அடியுங்கள். அதை மூலையில் நிறுத்தி, நீங்கள் போடப்போகும் அதே பல்பைப் போட்டு இரவில் பாருங்கள். பகலிலும் ஒருமுறை பாருங்கள், ஆனால் முடிவை இரவுக்கு விடுங்கள்.

வெளிச்சம் மிகக் குறையும்போது மனிதக் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுக்கும். நீலமும் பச்சையும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அந்தி நேரத்தில் செம்பருத்தி கறுத்து, அதன் இலை மட்டும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகையால் மெரூன் ஆசைப்படுகிறவர்களிடம் விளக்கு நன்றாக இருந்தால் மட்டும் என்று சொல்வேன். அடர்நீலத்துக்கு எதிர்த்தொல்லை: மஞ்சள் கலந்த வார்ம் விளக்கில் நீலம் உயிரிழந்து கரிநிறத்துக்குப் போகும். காவித் தரையும் தேக்கு மரமும் உள்ள நம் வீடுகளில் இலைப்பச்சை, பாக்குப் பழுப்பு இரண்டும்தான் என் கைக்கு அதிகம் சரிப்பட்டு வந்தவை. சாம்பல் கறுப்பு வெளிநாட்டுப் படங்களில் அழகாக இருக்கும். காவித் தரையோடு அது சண்டை போடும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே ஒரு சுவர் மட்டும் அடர்நிறமாக அடித்தால் போதாதா?

சின்ன அறையில் அது இரண்டும் கெட்டது. மற்ற மூன்று வெளிர்ச்சுவர்களும் முன்போலவே மங்கலாக இருக்கும், நான்காவது முன்னால் நகர்ந்து வந்ததுபோல நிற்கும். பயம் தீரவில்லை என்றால் அடிக்கவே வேண்டாம்.

மேற்கூரைக்கு என்ன நிறம்?

மர மச்சு இருந்தால் அப்படியே விடுங்கள். கான்கிரீட் கூரையும் ஒன்பதடிக்குக் குறைந்த உயரமும் இருந்தால் சுத்த வெள்ளை வேண்டாம். கறுத்த சுவருக்கு மேல் மூடி வைத்ததுபோல் தெரியும். அதே நிறத்தையே மேலும் கொண்டுபோகலாம். துணிவில்லையென்றால் மணல் நிறம்.

சுவரில் உப்புப் பூக்கிறது. அடர்நிறம் அடித்தால் மறையுமா?

மறையாது, மேடையேறும். வெள்ளைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் அடர்பச்சையில் வெண்மேகமாகப் படரும். மழைநிழலில் இருக்கும் நம் பக்கத்திலேயே இந்தத் தொல்லை உண்டு. மேற்கே மழை கூடுதலாகப் பெய்யும் ஊர்களில் கேட்கவே வேண்டாம். தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதா, ஓட்டு விளிம்பிலிருந்து வடிகிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா என்று கண்டுபிடித்து நிறுத்தி, சுவர் காய ஒரு கோடைக்காலம் விட்டபின் வாருங்கள். மேலே சொன்ன பாலிதீன் சோதனையில் நீர் பூத்தால் அந்த ஆண்டு அடர்நிறம் இல்லை. "வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் உள்பக்கம் அடித்தால் போதும்" என்று யாராவது சொன்னால், ஈரம் சுவருக்குள்ளேயே அடைபட்டு அந்தப் படலத்தைக் கொப்பளமாகத் தூக்கும் என்று பதில் சொல்லுங்கள்.

மூன்று கோட் அடித்தும் திட்டுத்திட்டாக இருக்கிறது. பெயின்ட் மட்டமா?

பெரும்பாலும் இல்லை. வெள்ளை பெயின்டுக்கு மறைக்கும் சக்தியைத் தருவது டைட்டானியம் டையாக்சைடு. அடர்நிறத்துக்கான பேஸில் அது மிகக் குறைவு, ஏனெனில் சேர்த்தால் நிறம் வெளுத்துவிடும். ஆகவே அந்த பெயின்ட் ஓரளவு கண்ணாடித்தன்மையோடு இருக்கும். அடியில் உள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும். சாம்பல் பிரைமர் அதற்காகத்தான். அதை விட்டுவிட்டால் நான்கு ஐந்து கோட் வரை போக வேண்டியிருக்கும்.

திட்டுகள் செங்குத்துப் பட்டைகளாக இருந்தால் காரணம் காற்று. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட கீழைக்காற்று ரோலர் ஓட்டிய இடத்தைச் சில நிமிடங்களில் உலர்த்திவிடும். பாதி உலர்ந்த ஓரத்தின் மேல் அடுத்த பட்டை ஏறும்போது அங்கே இரட்டைப் படலம் விழுந்து கோடாகத் தெரியும். அடிக்கும்போது சன்னலையும் கதவையும் மூடி, மின்விசிறியை நிறுத்துங்கள். ஒருவர் மூலைகளைப் பிரஷ்ஷால் எடுத்துக்கொண்டே போக, இன்னொருவர் அந்த ஈரம் காயும் முன் ரோலரோடு பின்தொடர வேண்டும். தொடங்கிய சுவரை டீக்குப் போகாமல் முடிக்க வேண்டும். மேஸ்திரிகளுக்குப் பிடிக்காத நிபந்தனை இது, முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

டப்பாக்களுக்கிடையே நிற வித்தியாசம் வந்திருந்தால் அது கலக்கும் மிஷினின் சிறு பிசகு. எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் வழி.

பளபளப்பா, மங்கலா?

மங்கல். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் நேராக இருப்பதில்லை. பளபளக்கும் பெயின்ட் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். மங்கலுக்கும் ஒரு குறை உண்டு. முதுகு, தலையணை, நாற்காலி உரசும் இடங்கள் நாளடைவில் மெருகேறி மின்னும், அதை மட்டும் தொட்டு அடித்தால் வேறு திட்டாகத் தெரியும். கட்டில் தலைமாட்டில் ஒரு பலகையோ துணித் திரையோ வைத்துவிட்டால் போதும்.

அடர்நிறம் அறையைச் சூடாக்குமா?

வெயில் படும் வெளிச்சுவரில் ஆக்கும். உள்சுவரில் நேர்வெயில் விழாத அறையில் வித்தியாசம் உணரும் அளவுக்கு இருக்காது. மேற்குச் சுவர் சுட்டால் அதன் வெளிப்பக்கத்துக்கு வெள்ளை அடியுங்கள்.

பிடிக்காமல் போனால் திரும்ப வெள்ளைக்கு வர முடியுமா? வாடகை வீடு.

முடியும். மங்கலான சுவரானாலும் லேசாக உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, நன்றாக மறைக்கும் வெள்ளைப் பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் வெள்ளை இரண்டு கோட். பிரைமர் ஒரே கோட்டோடு நிறுத்தினால் பச்சை நிழலாகத் தெரியும். வீட்டுக்காரரிடம் பேசும்போது இந்த நான்கு கோட்டுச் செலவை யார் ஏற்பது என்பதையும் சேர்த்துப் பேசிவிட்டு டப்பாவைத் திறங்கள்.